நிழலா, தூரமா? எதை முதலில் குறைப்பது

ஜி.டி.ஏ. 5 கணினிக்கு வந்தது 2015 ஏப்ரல் 14 அன்று. பத்து ஆண்டுகள் கடந்தும் அந்த விளையாட்டுக்கு மவுசு குறையவில்லை. கல்லூரிக்கென்று வாங்கிய சாதாரண லேப்டாப்பில் அதை ஓட்டிப் பார்க்க நினைக்கிறவர்கள் இன்றும் ஏராளம். ஓடும், ஆனால் திக்கித் திக்கி ஓடும். உடனே கிராபிக்ஸ் மெனுவைத் திறந்தால் இருபதுக்கும் மேற்பட்ட வரிகள் வரிசையாக நிற்கின்றன. பெரும்பாலானோர் எல்லாவற்றையும் அடிமட்டத்துக்கு இறக்கிவிடுகிறார்கள். காட்சி களிமண் பொம்மைபோல் ஆகிவிடுகிறது, நகரத்துக்குள் காரை ஓட்டினால் திக்கல் மட்டும் அப்படியே இருக்கிறது.

குறைத்த பல வரிகள் அந்தக் கணினிக்குப் பாரமாகவே இருந்திருக்காது என்பதுதான் இதற்குக் காரணம். பாரம் எங்கே விழுகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய சோதனை இருக்கிறது. அரை மணி நேரம் போதும். அதைச் செய்தபின் எந்த வரியை முதலில் தொட வேண்டும் என்பது அநேகமாகத் தானே தெரிந்துவிடும்.

சோதனைக்கு முன், இந்த லேப்டாப்புகளின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். உதாரணமாக இன்டெல் கோர் ஐ5-8250யு பிராசஸர் கொண்ட லேப்டாப். 2017-ல் வந்த இந்தச் சில்லு இன்றும் ஏராளமான வீடுகளில் உழைத்துக்கொண்டிருக்கிறது. இதற்குத் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. யு.எச்.டி. 620 என்ற கிராபிக்ஸ் பகுதி, பிராசஸர் இருக்கும் அதே சில்லுக்குள்ளேயே அமைந்திருக்கிறது. அதற்கென்று தனி நினைவகமும் இல்லை. விண்டோஸும் பிரௌசரும் விளையாட்டும் பயன்படுத்தும் அதே ரேமைத்தான் அதுவும் பயன்படுத்துகிறது. இரண்டு வீடுகளுக்கு ஒரே மேல்நிலைத் தொட்டி, ஒரே குழாய் என்றால் எப்படியோ அப்படி.

அந்தக் குழாய் எவ்வளவு குறுகலானது என்பதைக் கணக்கே சொல்லும். டி.டி.ஆர்.4-2400 வகை ரேம் ஒரே ஒரு குச்சியாக இருந்தால், வினாடிக்கு அதிகபட்சம் 19.2 ஜி.பி. தகவல் போய்வரும். இரண்டு குச்சிகளை இரு தடங்களில் போட்டால் 38.4 ஜி.பி. அதே காலத்து லேப்டாப்புகளில் வந்த ஜி.டி.எக்ஸ். 1050 என்ற எளிய தனி கார்டுக்குச் சொந்த நினைவகத்திலிருந்து கிடைப்பது 112 ஜி.பி. அதையும் அது யாருடனும் பங்கிட வேண்டியதில்லை. திரையில் ஒரு பிக்சலுக்கு நிறம் தீட்டும்போதெல்லாம் நினைவகத்திலிருந்து எடுப்பதும் அதில் எழுதுவதும் நடக்கிறது. ஆகவே ஒருங்கிணைந்த கிராபிக்ஸ் பல நேரம் கணக்குப் போடத் தெரியாமல் திணறுவதில்லை. தகவல் வந்து சேரும்வரை காத்திருந்து திணறுகிறது.

பங்கீடு இதோடு முடியவில்லை. அந்தச் சில்லுக்கு வகுக்கப்பட்ட மின்திறன் 15 வாட். பிராசஸரின் நான்கு கோர்களும் கிராபிக்ஸ் பகுதியும் அதற்குள்ளேயே பிழைத்தாக வேண்டும். தொடக்கத்தில் சிறிது நேரம் சில்லு இதைத் தாண்டி இழுக்கும். பிறகு வரம்புக்குள் அடங்கிவிடும். பிராசஸர் கூடுதலாக உழைத்தால் கிராபிக்ஸுக்குப் போகும் மின்சாரம் குறைந்து அதன் வேகமும் இறங்கும். டெஸ்க்டாப் கணினிக்காகச் சொல்லப்படும் ஆலோசனைகள் இந்த லேப்டாப்புகளில் முழுதாகப் பலிக்காததற்கு இது முக்கியமான காரணம்.

இனி சோதனைக்கு வரலாம். ஜி.டி.ஏ. 5-ஐ இங்கே எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அதற்குள்ளேயே ஒரு அளவுகோல் இருப்பது. 2025-ல் வந்த Enhanced பதிப்பு இந்த லேப்டாப்புகளுக்கு மிகக் கனமானது. ஆகவே இங்கே பேசுவது Legacy என்று இப்போது அழைக்கப்படும் பழைய பதிப்பைப் பற்றி. கதையின் தொடக்கப் பகுதியை முடித்துவிட்டு கிராபிக்ஸ் மெனுவுக்குப் போனால், ஒரே மாதிரியான ஐந்து காட்சிகளை ஓட்டிக்காட்டும் பெஞ்ச்மார்க் வசதி கிடைக்கும். ஓட்டி முடித்ததும் Documents\Rockstar Games\GTA V\Benchmarks என்ற ஃபோல்டரில் முடிவு ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக எழுதப்படும். ஒவ்வொரு காட்சிக்கும் வினாடிக்கு எத்தனை ஃபிரேம், ஒரு ஃபிரேமுக்கு எத்தனை மில்லி வினாடி என்று இரண்டும் அதில் இருக்கும்.

இரண்டில் மில்லி வினாடியைப் பார்ப்பதுதான் நல்லது. எஃப்.பி.எஸ். என்ற கணக்கு ஏமாற்றும். 60-லிருந்து 50-க்கு விழுவதும் 25-லிருந்து 15-க்கு விழுவதும் பார்க்க ஒரே 10 ஃபிரேம் இழப்புதான். நேரக் கணக்கிலோ முதலாவது வெறும் 3.3 மில்லி வினாடி, இரண்டாவது ஏறக்குறைய 27 மில்லி வினாடி. ஒவ்வொரு செட்டிங்கும் தின்பது நேரத்தை. எனவே நேரத்தில் அளந்தால்தான் எது எவ்வளவு தின்றது என்று கூட்டிக் கழிக்க முடியும். வினாடிக்கு 30 ஃபிரேம் வேண்டுமானால் ஒவ்வொரு ஃபிரேமும் 33.3 மில்லி வினாடிக்குள் முடிந்தாக வேண்டும். இந்த வகை லேப்டாப்பில் எட்டக்கூடிய நேர்மையான இலக்கு அதுவே.

சார்ஜரைச் செருகிவிட்டு, பிரௌசரை மூடிவிட்டு, VSync-ஐ அணைத்துவிட்டு, பத்து நிமிடம் சும்மா விளையாடி லேப்டாப்பைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். குளிர்ந்த லேப்டாப்பில் எடுக்கும் அளவு எப்போதும் மிகைப்படுத்தியே காட்டும். பிறகு முதல் ஓட்டம் 1920×1080 ரெசல்யூஷனில். இரண்டாவது ஓட்டம் வேறு எதையும் தொடாமல் 1280×720-ல். சாலையில் போகும் வண்டிகளும் ஆட்களும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறுவதால், ஒவ்வொன்றையும் இரண்டு முறை ஓட்டிச் சராசரி எடுப்பது நம்பகமானது. ஓரிரு ஃபிரேம் வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.

முதல் ரெசல்யூஷனில் 20,73,600 பிக்சல்கள். இரண்டாவதில் 9,21,600. ஊரும் சாலையும் வண்டிகளும் அப்படியே இருக்கின்றன. தீட்ட வேண்டிய பிக்சல்கள் மட்டும் பாதிக்கும் கீழே போய்விட்டன. இந்த ஒரே மாற்றத்தால் நேரம் எவ்வளவு குறைந்தது என்பதில்தான் விடை இருக்கிறது.

ஒரு லேப்டாப்பில் முதல் ஓட்டத்தில் ஃபிரேமுக்கு 50 மில்லி வினாடியும் இரண்டாவதில் 30 மில்லி வினாடியும் வந்ததாக வைத்துக்கொள்வோம். குறைந்த பிக்சல்கள் 11,52,000. குறைந்த நேரம் 20 மில்லி வினாடி. அதே விகிதத்தில் பார்த்தால், பெரிய ரெசல்யூஷனில் பிக்சல்கள் மட்டுமே சுமார் 36 மில்லி வினாடியைத் தின்றிருக்கின்றன. மீதி 14 மில்லி வினாடி ரெசல்யூஷனோடு சம்பந்தமில்லாத வேலை. இந்த லேப்டாப்பின் வியாதி பிக்சல்.

இன்னொரு லேப்டாப்பில் 50 மில்லி வினாடி 44-ஆக மட்டுமே குறைந்தது என்றால் கதை தலைகீழ். பிக்சல்களின் பங்கு சுமார் 11 மில்லி வினாடிதான். மீதி 39 வேறெங்கோ போகிறது. இவர் ரெசல்யூஷனை 800×600-க்கு இறக்கினாலும் 30 எஃப்.பி.எஸ். கிடைக்காது. பிராசஸரும் கிராபிக்ஸும் ஒரே சமயத்தில் வேலை செய்பவை என்பதால் இந்தக் கணக்கு தோராயமானதே. ஆனால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று காட்ட இந்தத் தோராயம் போதும்.

ரெசல்யூஷனோடு சம்பந்தமில்லாத அந்த வேலை என்ன? ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பிராசஸர், இந்தக் கட்டடத்தை வரை, இந்தக் காரை வரை, இந்த மரத்தை வரை என்று கிராபிக்ஸ் பகுதிக்கு வரிசையாக உத்தரவு அனுப்ப வேண்டும். ஜி.டி.ஏ. 5-ன் ஒரே ஒரு ஃபிரேம் எப்படி உருவாகிறது என்பதை அட்ரியான் கூரெஜ் என்ற நிரலாளர் 2015-ல் பிரித்து ஆராய்ந்து காட்டினார். அந்த ஒரு ஃபிரேமுக்கு நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வரைவு உத்தரவுகள் தேவைப்பட்டிருந்தன. அவற்றில் ஏறத்தாழ ஆயிரம் நிழலுக்காக மட்டும்.

நிழலுக்கு ஏன் இவ்வளவு? சூரியன் இருக்கும் இடத்தில் ஒரு கேமராவை வைத்து அங்கிருந்து ஊரை ஒருமுறை வரைந்து பார்க்கிறது கணினி. சூரியனுக்குத் தெரியாத இடமெல்லாம் நிழல். பக்கத்தில் நுணுக்கமாகவும் தொலைவில் மேலோட்டமாகவும் நிழல் விழ வேண்டும் என்பதால், அருகிலிருந்து தொலைவு வரை நான்கு அடுக்குகளாகப் பிரித்து வரைகிறார்கள். திரையில் தெரியாத இந்தப் படங்களுக்காக அதே கட்டடமும் அதே மரமும் மறுபடி மறுபடி வரையப்படுகின்றன. பிறகு திரையின் ஒவ்வொரு பிக்சலுக்கும் அந்தப் படத்தைப் புரட்டிப் பார்த்து, இது நிழலா வெயிலா என்று தீர்மானிக்க வேண்டும்.

ஆக, நிழல் இரண்டு பக்கமும் கடிக்கிறது. உத்தரவுகளாகப் பிராசஸரையும், பிக்சல் வேலையாக நினைவகத்தையும். சோதனை முடிவு எப்படி வந்திருந்தாலும் நிழலில் கை வைக்கலாம் என்று துணிந்து சொல்வதற்குக் காரணம் இதுதான். ஆனால் எந்த நிழல் வரியைத் தொடுவது என்பதில் வேறுபாடு உண்டு. Soft Shadows என்ற வரி நிழலின் ஓரத்தை மென்மையாக்குவது. ஒரு பிக்சலுக்காக நிழல் படத்தைப் பல இடங்களில் புரட்டிப் பார்க்க வைக்கும். பிக்சல் வியாதிக்காரர்கள் அதை முதலில் Sharp-க்குக் கொண்டுவர வேண்டும். Extended Shadows Distance, Long Shadows ஆகிய வரிகள் நிழல் எவ்வளவு தூரம் போகிறது என்பதைப் பற்றியவை. உத்தரவு வியாதிக்காரர்கள் முதலில் அணைக்க வேண்டியவை அவை. Shadow Quality-யை இரு தரப்பினரும் Normal-க்கு இறக்கலாம். நிழல் படத்தின் நீளமும் அகலமும் இரு மடங்கானால் அதில் உள்ள புள்ளிகள் நான்கு மடங்காகும் என்பதை நினைவில் வைத்தால், ஒரே ஒரு படி இறக்குவதில் எவ்வளவு மிச்சமாகும் என்பது புரியும்.

நிழலை முழுவதுமாக ஒழித்துவிட வழி தேடுவது மட்டும் வேண்டாம். கார்கள் சாலையில் நிற்காமல் மிதப்பதுபோல் தெரியும். தூரத்தைக் கண்ணால் கணிப்பதே கடினமாகிவிடும். Normal-ல் கிடைக்கும் நிழல் விளையாட்டுக்குப் போதுமானது.

அடுத்தது தூரம். எவ்வளவு தொலைவு வரை பொருள்களை வரைவது என்பதை Distance Scaling, Extended Distance Scaling என்ற இரண்டு பட்டைகள் தீர்மானிக்கின்றன. தூரத்தின் கணக்கு நேர்க்கோட்டில் போவதில்லை. பார்வை இரு மடங்கு தூரம் போனால், கண்ணுக்குள் வரும் நிலப்பரப்பு நான்கு மடங்கு. இதை மிகத் துல்லியமாகக் காட்டும் விளையாட்டு மைன்கிராஃப்ட். அதன் ஜாவா பதிப்பில் உலகம் 16×16 கட்டைகள் கொண்ட சங்க்குகளாகப் பிரிந்திருக்கிறது. Render Distance 12 என்றால் ஆட்டக்காரரைச் சுற்றி எல்லாப் பக்கமும் 12 சங்க்குகள், அதாவது 25×25, மொத்தம் 625. அதை 8-க்கு இறக்கினால் 17×17, மொத்தம் 289. எண்ணில் மூன்றில் ஒரு பங்கு குறைத்ததற்கு வேலையில் பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது. அந்த விளையாட்டில் ஷேடர் போடாதவரை சூரிய நிழல் என்பதே கிடையாது. ஆகவே மைன்கிராஃப்ட் ஆடுபவர் நிழலைத் தேடிக்கொண்டிருக்காமல் நேரே தூரத்துக்குப் போய்விடலாம்.

ஜி.டி.ஏ.வில் Extended Distance Scaling-ஐப் பூஜ்யத்தில் வைப்பது எல்லோருக்கும் பொருந்தும். Distance Scaling-ஐ மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிப் பார்க்க வேண்டும். அதிகம் இறக்கினால் மின்கம்பங்களும் வேலிகளும் காருக்கு முன்னால் திடீர் திடீரென்று முளைக்கும். அந்த உறுத்தல் நிழலின் ஓரம் கரடுமுரடாக இருப்பதைவிட மோசமானது. நிழலை முதலிலும் தூரத்தை அடுத்ததாகவும் குறைக்கச் சொல்வதற்கு அந்த வேறுபாடே காரணம்.

நகரத்தின் நடுவில் திக்குகிறவர்களுக்கு இன்னொரு வரி இருக்கிறது: Population Density. சாலையில் எத்தனை கார், நடைபாதையில் எத்தனை ஆள் என்பதை அது முடிவு செய்யும். ஒவ்வொரு ஆளும் எங்கே நடப்பது, ஒவ்வொரு காரும் எப்போது பிரேக் போடுவது என்று கணக்கிடுவது பிராசஸரின் வேலை. டெஸ்க்டாப்பில் கிராபிக்ஸ் திணறும்போது இந்தப் பட்டையைத் தொட்டுப் பயனில்லை என்பார்கள். 15 வாட் லேப்டாப்பில் அப்படியில்லை. பிராசஸரின் சுமை குறைந்தால் மிச்சமாகும் மின்சாரம் கிராபிக்ஸுக்குப் போகிறது. ஆகவே பிக்சல் வியாதி இருந்தாலும் இதைப் பாதியாக்கிப் பார்ப்பது வீண்போகாது.

பிக்சல் பக்கம் கனக்கிறவர்களுக்கு நிழலுக்கும் முன்னால் சில வேலைகள் உண்டு. MSAA, Reflection MSAA இரண்டும் அணைந்திருக்க வேண்டும். ஒருங்கிணைந்த கிராபிக்ஸில் இவற்றுக்கு இடமே இல்லை. ஒவ்வொரு பிக்சலுக்கும் பல மாதிரிகளை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் முறை இது. குறுகிய குழாயை அடைக்க இதைவிடச் சிறந்த வழி கிடையாது. ஓரங்கள் படிக்கட்டாகத் தெரிந்தால் FXAA போதும். Ambient Occlusion-ஐ அணைத்து, Post FX-ஐ Normal-ல் வைத்தபின் மீண்டும் ஓட்டிப் பார்க்கலாம். அப்போதும் 33 மில்லி வினாடிக்குள் வரவில்லையென்றால் ரெசல்யூஷனைத் தொட வேண்டியதுதான். 1600×900-ல் பிக்சல்கள் 14,40,000. மேலே சொன்ன முதல் லேப்டாப்பில் இது மட்டுமே சுமார் 11 மில்லி வினாடியை மிச்சப்படுத்தும்.

புல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். Grass Quality என்ற வரி நகரத்துக்குள் எந்த வித்தியாசமும் காட்டாது. லாஸ் சாண்டோஸைத் தாண்டி ப்ளெய்ன் கவுண்டியின் மேடுகளில் ஏறினால்தான் அதன் பாரம் தெரியும். ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் ஆயிரக்கணக்கான புல் இதழ்களால் ஒரே பிக்சல் பலமுறை தீட்டப்படுகிறது. நகரத்தில் நன்றாக ஓடி நாட்டுப்புறத்தில் திணறினால் சந்தேகமே வேண்டாம், புல்தான். நாட்டுப்புறத்தில் ஓடி நகரத்தில் திணறினால் தூரமும் ஜனத்தொகையும்.

டெக்ஸ்சரை எல்லோரும் முதலில் குறைக்கிறார்கள். அது தவறான இடம். சுவரிலும் சாலையிலும் ஒட்டப்படும் படங்களின் நுணுக்கம் நினைவகத்தில் இடத்தைத்தான் அதிகம் பிடிக்கும். இடம் இருக்கும்வரை ஃபிரேம் நேரத்தை அதிகம் பாதிக்காது. ஆனால் 8 ஜி.பி. ரேமில் விண்டோஸும் விளையாட்டும் கிராபிக்ஸும் சேர்ந்து வாழும்போது இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். தீர்ந்தால் சராசரி எஃப்.பி.எஸ். ஒழுங்காக இருக்கும்போதே திடீரென்று அரை வினாடி உறைந்து நின்று மீண்டும் ஓடும். அந்த அறிகுறி தெரிந்தால் Texture Quality-யை Normal-க்கு இறக்க வேண்டும். தெரியாவிட்டால் அதை விட்டுவைக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்து, பதினைந்து நிமிடத்துக்குப் பின் மட்டும் வேகம் இறங்கினால் அது செட்டிங்கின் குற்றமில்லை. மின்திறன் வரம்போ சூடோ சில்லின் வேகத்தை இழுத்துப் பிடிக்கிறது. இதற்கு ஜி.டி.ஏ. 5-லேயே ஒரு வழி இருக்கிறது. VSync வரியில் Half என்று வைத்தால், 60 ஹெர்ட்ஸ் திரையில் விளையாட்டு 30 ஃபிரேமுக்கு மேல் போகாது. எளிய காட்சிகளில் 45, 50 என்று ஓடி வீணாகச் சூடாவது நிற்கும். அந்த மிச்சம் கனமான காட்சி வரும்போது உதவும். 24-க்கும் 45-க்கும் இடையில் ஊசலாடும் ஓட்டத்தைவிட ஒரே சீரான 30 கண்ணுக்கும் கைக்கும் இதமானது. ஆனால் ஃபிரேம் நேரம் 33.3-க்குள் வந்த பிறகே இதைப் போட வேண்டும். வராத நிலையில் போட்டால் வேகம் 30-லிருந்து 20-க்குத் தாவி விழும்.

கடைசியாக, டாஸ்க் மேனேஜரைத் திறந்து Performance பக்கத்தில் Memory-யைச் சொடுக்கினால் Slots used என்ற வரி தெரியும். அதில் 1 of 2 என்று இருந்தால், ஒரு இடம் காலியாக இருக்கிறது, ரேம் ஒற்றைத் தடத்தில் ஓடுகிறது என்று பொருள். அதே அளவில், அதே வேகத்தில் இன்னொரு குச்சியைச் சேர்த்தால் 19.2 ஜி.பி. என்ற குழாய் 38.4-ஆக அகலும். மேலே பார்த்த முதல் வகை லேப்டாப்புக்கு, அதாவது பிக்சல் பக்கம் திணறுவதற்கு, மெனுவில் உள்ள எந்த வரியையும்விட இது அதிகம் தரக்கூடும். இரண்டாம் வகைக்கு அந்த அளவு பலன் இருக்காது. ஆகவே கடைக்குப் போகும் முன் அந்த இரண்டு ஓட்டங்களையும் ஓட்டிப் பார்த்துவிடுவது பணத்தைக் காப்பாற்றும். சில மெல்லிய லேப்டாப்புகளில் ரேம் பலகையோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் சேர்க்க வழியில்லை. அவற்றை வைத்திருப்பவர்களுக்கு 900 அல்லது 720 ரெசல்யூஷனும், Normal நிழலும், 30 ஃபிரேம் பூட்டும்தான் வழி.